மேல் போர்ஷன் கிரைண்டர்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

சித்ரா (காலை 5:12): எல்லாரும் தூங்குறீங்க. நான் மட்டும் மேல் போர்ஷன் கிரைண்டரோட முழிச்சுக்கிட்டு இருக்கேன். ஹவுஸ் ஓனருக்கு இதை அனுப்பப் போறேன்:
"சார், மேல இருக்கிறவருக்கு மனசாட்சியே இல்ல. விடிய விடிய கிரைண்டர். லைசன்ஸ் இல்லாம மாவு வியாபாரம். நாங்க இருக்கணுமா அவங்க இருக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

லதா அத்தை: குட் மார்னிங் 🌸

லதா அத்தை: மாவு கிலோ எவ்வளவுன்னு விக்கிறாங்க?

சித்ரா: அத்தை!!

சேகர் மாமா: வளசரவாக்கத்துல எனக்குக் கீழ் வீட்டு நாய். ரெண்டு வருஷம் பட்டேன்.

அம்மா: நாயைவிட நீ கத்தினதுக்குத்தான் ஓனர் காலி பண்ணச் சொன்னார்.

கார்த்தி: அக்கா, ஃபோன்ல டெசிபெல் ஆப் போட்டு எடு. 55க்கு மேல போனா நேரா போலீஸ்.

பெரியப்பா: சித்ரா, அனுப்பாதே. கார்த்தி சொல்ற 55 பகலுக்கு. ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் குடியிருப்புப் பகுதிக்கு 45தான். 2000ல வந்த ஒலி மாசு விதி. ஆனா ஃபோன் ஆப்பை யாரும் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க. அதோட உன் பிரச்சனை காத்துல வர்ற சத்தம் மட்டும் இல்லேன்னு நினைக்கிறேன். கிரைண்டரைத் தரையிலயே வச்சிருந்தா அதிர்வு தளம் வழியா இறங்கும். கிரைண்டர் ஓடறப்ப ஒரு டம்ளர் தண்ணியை சுவரை ஒட்டின அலமாரியில வச்சுப் பாரு.

சித்ரா: வைக்கவே வேணாம் பெரியப்பா. சாமி அலமாரில காமாட்சி விளக்கு தினமும் ஒரு விரக்கடை நகர்ந்து நிக்குது. குழந்தை பயந்து எழுந்துக்கறா.

பெரியப்பா: அதை எழுது! 'மனசாட்சி இல்ல' வேண்டாம். விளக்கு நகர்றதை ஓனர் வந்து கண்ணால பார்க்கலாம், மனசாட்சியைப் பார்க்க முடியாது. 'விடிய விடிய'ன்னா எத்தனை மணிக்கு?

சித்ரா: நாலரைலேர்ந்து அஞ்சே முக்கால் வரைக்கும். புதன் மட்டும் இல்ல.

பெரியப்பா: புதன் இல்லேங்கறதையும் போடு. சும்மா இருந்த நாளை நீயே சொன்னா மத்த நாளை நம்புவார். லைசன்ஸ் பேச்சை விடு, நீ பார்த்தியா? 'வசிக்க மட்டும்'னு அக்ரிமெண்ட்ல மேல் வீட்டுக்கும் எழுதியிருக்கலாம். அது ஓனருக்கே தெரியும். கடைசி வரியை முதல்ல எடுத்துடு. வாடகை யார் கூடக் கொடுக்கிறாங்களோ அவங்களைத்தான் வச்சுக்குவார்.

சேகர் மாமா: தாத்தா வீட்டுக்கும் இப்படி நிதானமா ஒரு லெட்டர் எழுதியிருந்தா எனக்கும் ஒரு ரூம் மிஞ்சியிருக்கும்.

அம்மா: காலங்காத்தால ஆரம்பிக்காதே சேகரு.

லதா அத்தை: ராதா வளைகாப்புக்கு யார் யார் வேன்ல வர்றீங்க?

பெரியப்பா: மேல போய்ப் பேசினியா?

சித்ரா: போன ஞாயித்துக்கிழமை குழந்தையோட அப்பா போய்ச் சொன்னார். "ஆறு மணிக்கு ஹோட்டலுக்கு மாவு போகணுங்க, நான் என்ன பண்றது"ன்னு அந்தம்மா அழாத குறை.

பெரியப்பா: அதையும் தேதியோட சேரு. கடைசியில என்ன வேணும்னு கேளு. சண்டை போடறவங்க அதை மறந்துடுவாங்க. கிரைண்டரைக் கீழ கார் ஷெட்டுக்கு மாத்தணும். இல்லேன்னா கனமான ரப்பர் மேட் போட்டு, சுவரை விட்டு நகர்த்தி, ஆறு மணிக்கு மேல ஓட்டணும்.

கார்த்தி: மேட் போட்டா அதிர்வு குறையும், கல்லு அரைக்கிற சத்தம் அப்படியேதான் இருக்கும்.

பெரியப்பா: அது சரி. அதனாலதான் கார் ஷெட்டை முதல்ல எழுதச் சொன்னேன்.

சித்ரா (6:40): இப்ப பாருங்க:
"சார், வணக்கம். முதல் மாடி சித்ரா. கடந்த ஒரு வாரமாக, புதன் தவிர, தினமும் காலை 4:30 முதல் 5:45 வரை மேல் வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. அதிர்வில் எங்கள் அலமாரி விளக்கு இடம் நகர்கிறது. வீடியோ அனுப்புகிறேன். குழந்தை தினமும் எழுந்துவிடுகிறாள். ஞாயிறன்று நேரில் சொன்னோம். மாவு ஆறு மணிக்குப் போக வேண்டும் என்றார்கள். கிரைண்டரைக் கார் ஷெட்டுக்கு மாற்ற அனுமதித்தால் இருவருக்கும் உதவியாக இருக்கும். முடியாவிட்டால் ரப்பர் மேட் போட்டு, ஆறு மணிக்கு மேல் ஓட்டச் சொல்லுங்கள். ஒருமுறை வந்து பார்க்க வேண்டுகிறேன்."

பெரியப்பா: இது லெட்டர். அனுப்பு.

சேகர் மாமா: ஷெட்ல ஓட்டினா கரண்ட் பில் யார் மீட்டர்ல ஏறும்?

பெரியப்பா: ...நல்ல கேள்விதான்.

சித்ரா: அனுப்பிட்டேன். ரெண்டு நீல டிக் வந்துடுச்சு.

சித்ரா (8:05): "ஞாயிறு 11 மணிக்கு வர்றேன்மா"ன்னு போட்டிருக்கார்.

லதா அத்தை: ஞாயிறா? அன்னிக்குத்தானே கும்பகோணத்துல வளைகாப்பு!

கார்த்தி: 11 மணிக்கு வந்து எதைக் கேட்பார்? கிரைண்டர் அஞ்சே முக்காலுக்கே நின்னுடுமே.

அம்மா: சேகர் மெட்ராஸ்லதானே இருக்கான், அவன் போய் நிக்கட்டும்.

சித்ரா: வேணாம்மா.