புதுப்பிப்பு: மாடியில் பொடிந்த கேபிள் டைகள்

முன்பு நான் கேட்டது: "சோலார் வயர்களைக் கட்டிய வெள்ளை டைகள் ஒன்றரை வருடத்தில் பொடிகின்றன. வெயிலா, மட்டச் சரக்கா?"

கொழிஞ்சாம்பாறை வீட்டு மாடியில் நேற்று ஏறிப் பார்த்தேன். பேனலுக்கு அடியில், நிழலில் இருந்த டை இன்னும் வளைகிறது. அதே பாக்கெட்டிலிருந்து எடுத்து வெயிலில் கட்டியது, வளைத்ததும் ‘டிக்’கென்று முறிந்தது. மேல்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, மயிரிழை விரிசல்களோடு இருந்தது. பேனலுக்கு அடியிலும் சூடு குறைவில்லை. ஆகவே "சூடுதான் காரணம்" என்ற என் மாமாவின் கட்சி தோற்றது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் விளக்கினார்: புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. இழுவிசை அதிகமுள்ள பூட்டுத் தலையருகே முதலில் விடுகிறது.

"கறுப்பு டை வாங்குங்கள், போதும்" என்று என் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில் பாதி சரி. சுமார் 2 சதவீதம் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் கலந்தால்தான் அது கதிரை உள்வாங்கித் தடுக்கும். வெறும் கறுப்புச் சாயம் காக்காது. கண்ணால் பிரித்தறிய முடியாததால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்த நைலான் 66 டைகளை வாங்கினேன். தக்காளிக் கொடிக்கு வெள்ளை டையே தாங்கியது என்றார் ஒருவர். அது ஒரே பருவம், ஐயா!

கைக்கு எட்டாத ஓரத்தில் மட்டும் பூச்சுள்ள ஸ்டீல் டை போட்டேன். பூச்சில்லாத விளிம்பு வயர் உறையை அறுத்துவிடும். அண்ணனோ எல்லா இடத்திலும் ஸ்டீல்தான் வேண்டும் என்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.