புதுப்பிப்பு: 18 நிமிட உரை 12 ஆனபோது

முன்பு நான் கேட்டது: “நேரத்தைக் கடைசியில் குறைத்தால், எழுதிய உரையில் எதை வெட்டுவது?”

நேற்று அதுவே நடந்தது. தொடக்கம் 2, மையக் கருத்து 5, முடிவு 2 நிமிடம் என நிலையாக வைத்து, தலா 3 நிமிட உதாரணங்கள் மூன்றைத் தனித்தனித் தாளில் எழுதியிருந்தேன்; மேடையேறுமுன் 12 நிமிடம்தான் என்றதும் இரண்டு தாள்களை உருவிவிட்டேன்.

வேகமாகப் பேசினால் போதும் என்ற நண்பரின் யோசனை அரை நிமிடத்துக்கு உதவலாம், ஆறு நிமிடத்துக்கு உதவாது. நாடகம் எழுதுபவர் காட்சிகளை வெட்டிய தம் கதையைச் சொன்னார். அங்கே நடிகர்களின் உடைமாற்றமும் சேர்ந்துகொள்வதால் அது வேறு சிக்கல்.

அனுபவமுள்ள ஒருவர், எந்தத் தாளும் “இதைப் போலவே” என்று தொடங்கக் கூடாது, இணைப்பு வாக்கியம் அந்தத் தாளுக்குள்ளேயே முடிய வேண்டும் என்று எச்சரித்திருந்தார். அதைத் திருத்திய நான் முடிவுரையைப் பார்க்கத் தவறினேன். “முன்பு சொன்ன பூட்டைப் போல” என்று படித்தபோதுதான், பூட்டு உருவிய தாளில் இருந்தது உறைத்தது. முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனி ஒவ்வொரு தாளையும் நீக்கிவிட்டு மீதியை உரக்கப் படித்துப் பார்க்கப் போகிறேன். பேசத் தொடங்கிய பிறகு நேரத்தைக் குறைத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை.