கடை உரிமையாளர் தொலைபேசியில் கேட்ட மன்னிப்பு

பகிர்ந்தவர்: மொழிபெயர்ப்பாளர்

மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். கோப்புகளை நகலெடுத்துக்கொண்ட பிறகே வட்டை அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும் என்று பணிச் சீட்டில் எழுதியிருந்தது. நகலெடுக்காமலேயே அழித்துவிட்டார்கள்.

நான் கேட்பதற்கு முன்பே உரிமையாளர் அழைத்தார். "கெட்ட செய்தி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பேச முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். அவர் பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"நகலெடுத்த பிறகே அழிப்போம் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டோம். நகலெடுக்காமல் அழித்துவிட்டோம். நகலெடுத்தாயிற்று என்று சீட்டில் குறி இருந்தது. நகலைத் திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்கு அனுமதி கொடுத்தது நான். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது எஸ்.எஸ்.டி. வகை வட்டு, மீட்க வாய்ப்பு மிகக் குறைவு. தெரிந்தவுடன் கணினியை அணைத்து வைத்துவிட்டேன். நீங்கள் சம்மதித்தால் எங்கள் செலவில் தரவு மீட்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறேன். அதில் என்னென்ன இருந்தது என்று சொல்கிறீர்களா?"

அவ்வளவுதான், பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் கத்தினேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் ஓய்ந்த பிறகு, "பாதி முடித்த மொழிபெயர்ப்பு, கடிதங்கள், குடும்பப் படங்கள். சரிதானே?" என்று நான் சொன்னதையே திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்டார்.

சீட்டில் குறி போட்ட ஊழியர் யாரென்று அவர் சொல்லவே இல்லை. 'உங்களிடம் ஒரு நகல் இருந்திருக்க வேண்டுமே' என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்திருந்தால் இணைப்பைத் துண்டித்திருப்பேன். வியாழன் மாலை 6 மணிக்கு அழைப்பதாகச் சொன்னார். அழைத்தார். "இன்னும் பதில் வரவில்லை, வெள்ளி மாலை மீண்டும் அழைக்கிறேன்" என்பதுதான் செய்தி. செய்தி இல்லாதபோதும் சொன்ன நேரத்துக்கு அழைத்ததால்தான் முதல் நாள் பேசியதையும் நம்பினேன்.

கோப்புகள் கிடைக்கவில்லை. கூலியைத் திருப்பித் தந்தார். இனி அந்தக் கடைக்குப் போவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பதில்: சிறுதொழில் நடத்துபவர்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "தவறு எங்களுடையது" என்று வாய்விட்டுச் சொன்னால் வழக்கில் மாட்டிக்கொள்வோம். அதனால் நான் வருத்தம் மட்டும்தான் தெரிவிப்பேன்.

பதில்: பழைய கணினிப் பிரியர்

எஸ்.எஸ்.டி.யில் அழித்ததை மீட்கும் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா? பழைய சுழல்வட்டில் நான் மீட்டிருக்கிறேன்.

பதில்: புகார்ப் பிரிவில் பல காலம் இருந்தவர்

முதலில் கணினிப் பிரியருக்கு: சுழல்வட்டில் அழித்த தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். எஸ்.எஸ்.டி. அப்படியல்ல. அழித்தவுடன் அந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் வட்டுக்குத் தெரிவித்துவிடும். மின்சாரம் இருக்கும் வரை வட்டு தானாகவே அவற்றைத் துடைத்துக்கொண்டிருக்கும். அந்த உரிமையாளர் அணைத்து வைத்தது சரி. வாய்ப்புக் குறைவு என்று முதலிலேயே சொன்னது அதைவிடச் சரி. அந்த நேரத்தில் பொய் நம்பிக்கை கொடுத்திருந்தால், பிறகு இன்னொரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

சிறுதொழில் நண்பரின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பொறுப்புக் காப்பீடு எடுத்தவர்களுக்கு, காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆனால் மன்னிப்பே வழக்கில் ஆதாரமாகிவிடும் என்பது எங்கும் பொருந்தாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006-லும், ஹாங்காங் 2017-லும் மன்னிப்பைப் பொறுப்பேற்பாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே இயற்றின. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் நடந்ததை உள்ளபடி சொல்லலாம். இழப்பீட்டுத் தொகையை மட்டும் அந்த அழைப்பிலேயே பேசாமல் இருக்கலாம்.

பதில்: சிறுதொழில் நடத்துபவர்

"அனுமதி கொடுத்தது நான்" என்பது நடந்ததைச் சொல்வதா, பொறுப்பை ஏற்பதா? எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது.

பதில்: புகார்ப் பிரிவில் பல காலம் இருந்தவர்

அந்த எல்லை மெல்லியதுதான். அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பதில்: திருமண ஏற்பாட்டில் ஏமாந்தவர்

எனக்கு நேர்ந்தது தலைகீழ். படப்பிடிப்பாளர் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நிறுவனத்தின் உரிமையாளர் நேரில் வந்து அழுதார். கடன், உடல்நிலை, ஓடிப்போன உதவியாளர் என்று எல்லாம் சொன்னார். கடைசியில் நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன்! அவர் போன பிறகுதான், முன்பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பது உறைத்தது. அவர் நடித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரைமணி நேரம் முழுவதும் அவருடைய துன்பமாகவே கழிந்தது.

பதில்: மொழிபெயர்ப்பாளர்

என்னிடம் பேசியவர் தன் நிலையைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அப்போது அது சற்று உணர்ச்சியற்றதாகவே பட்டது. எழுதி வைத்துப் படித்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

பதில்: திருமண ஏற்பாட்டில் ஏமாந்தவர்

எழுதிப் படித்திருந்தால்தான் என்ன? என் முன்பணம் இன்னும் வரவில்லை.