புதுப்பிப்பு: படகுக் கணக்கில் ஓட்டத்தின் கதி 50 வந்தது ஏன்?

கேட்டது: "நிலைநீரில் படகு மணிக்கு 10 கி.மீ. ஓட்டத்துக்கு எதிராக 24 கி.மீ. போக, திரும்பி வாறதைவிட 1 மணித்தியாலம் கூட எடுக்குது. ஓட்டத்தின் கதி என்ன? பிள்ளைகளுக்கு 50 வருது."

உதவின எல்லாருக்கும் நன்றி. கிளிநொச்சி ஆசிரியர் அக்கா சொன்ன வழிதான் சரிவந்தது: கழிக்க முதல் இரண்டு நேரத்தையும் தனித்தனியாக எழுதி, கூடினது எதுவென்று குறிக்க வேணும். எதிரே போகப் பகுதி சின்னது, ஆகவே நேரம் கூட.

```
24/(10-x) - 24/(10+x) = 1
x² + 48x - 100 = 0
x = 2
```

இரண்டு நேரத்தையும் மாறிப் போட்டுக் கழித்தால் `x² - 48x - 100 = 0`. விடை 50, -2. பிள்ளை மறை எண்ணைத் தள்ளி 50 ஐ எடுக்குது. 10 இல் ஓடும் படகு 50 ஐ எதிர்த்து ஏறவே ஏறாது. பிழையை அதில் பிடிக்கலாம்.

"-2 இல் மறைக்குறியை எடுத்துவிடுங்கோ" என்ற தம்பி சொன்னது இந்தக் கணக்குக்குச் சரி. ஓட்டம் 2 என்று தந்து படகின் கதியைக் கேட்டால் உதவாது: மாறிப் போட்டதில் `y² = -92` வரும், விடையே இல்லை.

நந்திக்கடலில் ஓட்டம் ஒரே சீராக இராது என்ற அண்ணைக்கு: உண்மைதான், ஆனால் கணக்கு மாறாத ஓட்டத்தை எடுக்குது.

எதிர்பாராதது ஒன்று. மொத்த நேரம் 5 மணித்தியாலம் என்று தந்தால், தூரம் சமம் என்பதால் மாறிப் போட்டாலும் 2 தான் வருது. அந்த விடைத்தாளுக்குப் புள்ளி எப்படிப் போடுவதென்று இன்னும் முடிவில்லை.