'பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மாலதி: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991-இல் தன் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறை இது. மொழிபெயர்ப்பில் 'சகமாணவர் கற்பித்தல்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

இராசேந்திரன்: நல்ல சொல்தானே அம்மா! எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள். அதுதானே?

கண்ணன்: இல்லை ஐயா, இங்கே சொல்லித்தர ஆள் யாரையும் நியமிப்பதில்லை. பெரிய அரங்கில் பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிறுத்தி ஒரு வினா போடுவார். சரக்கு லாரியும் சின்னக் காரும் மோதுகின்றன. எது மற்றதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைப் பதிவு செய்ய வேண்டும். லாரிதான் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் விசை இரண்டுக்கும் சமம். காரின் நிறை குறைவு, அதனால் அதன் வேகம்தான் அதிகமாக மாறும். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு வந்தால்தான் பக்கத்தில் இருப்பவரோடு பேச விடுவார். இரண்டு மூன்று நிமிடம் வாதாடியபின் மறுபடி பதிவு, அப்புறம் விளக்கம். 30-க்குக் கீழே என்றால் பேசவிட்டும் பெரிய பயனில்லை, பாடத்தையே திரும்ப விளக்க வேண்டும்.

கவிதா: அப்படியென்றால் தெரிந்தவர் தெரியாதவரை இழுத்துக்கொண்டு போகிறார். 'கற்பித்தல்' சரிதானே?

கண்ணன்: பாதி சரி. 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், பேசி முடித்ததும் அதே கருத்தில் வேறொரு வினாவைத் தனியாக விடையளிக்கச் சொன்னார்கள். குழுவில் முதலில் யாருக்குமே விடை தெரியாமல் இருந்தபோதும் முன்னேற்றம் தெரிந்தது. அங்கே யார் யாருக்குக் கற்பித்தார்? 'அருகிருப்போர் உரையாடல்' என்பது என் பரிந்துரை.

சுபா: எனக்கு உறுத்துவது, இப்படி விடையைப் பதிவு செய்வதைக் குறிக்கும் 'poll' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எல்லோரும் எழுதும் 'வாக்கெடுப்பு'. வாக்கு என்றாலே பெரும்பான்மை ஜெயிக்கும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. எங்கள் கல்லூரியில் முதல் பதிவின் பட்டைப்படத்தைத் திரையில் காட்டினால் போதும், யாரும் வாதாடுவதில்லை. உயரமான பட்டைக்குத் தாவிவிடுகிறார்கள். பேச்சில் சத்தம் குறைவு, இரண்டாம் பதிவில் ஒரே விடை குவிந்திருக்கும், அதுவும் பல நேரம் தப்பானது. அதனால் மறுபதிவு முடியும்வரை படத்தை மறைத்துவைக்கிறேன். கைபேசி இல்லாத நாளில் வண்ண அட்டை. அதையும் நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்வேன், உயர்த்தினால் பின்வரிசை பார்த்து மாற்றிக்கொள்ளும். 'விடைக்கணிப்பு' என்று வைக்கலாமே.

இராசேந்திரன்: கணிப்பு என்றால் சோதிடம் மாதிரி இருக்கிறதே அம்மா. 'விடைப்பதிவு'?

மாலதி: 'விடைப்பதிவு' எடுத்துக்கொள்கிறேன், ஐயா. 'அருகிருப்போர் உரையாடல்' அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முழு முறைக்கும் பெயர் இன்னும் வேண்டும்.