இரண்டாவது 50-இல் என்ன ஆனது?

குழு: காலை நீச்சல், பெற்றோரும் பிள்ளைகளும்
ஞாயிறு மாலை

கோச், 6:40
யாழினி, இன்றைய 100 ஃப்ரீஸ்டைல் பற்றி இங்கேயே எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். மொத்தம் 1:12.4. போனது 33.6, திரும்பி வந்தது 38.8. அப்பா கேலரியிலிருந்து எடுத்த வீடியோவை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

யாழினி அப்பா, 6:43
ஐந்து நொடி சார்! ஸ்டாமினா போதவில்லை. நாளையிலிருந்து பத்து லெங்த் கூடுதலாகப் போடட்டும்.

கோச், 6:49
கொஞ்சம் பொறுங்கள் சார். முதல் பாதியில் டைவ் இருப்பதால் இரண்டாவது பாதிக்கு எப்போதும் நேரம் கூடத்தான் செய்யும். பாரிஸ் ஒலிம்பிக்கில் பான் ஜான்லே 46.40 உலக சாதனை நீந்தியபோதே 22.28 போய் 24.12 வந்தார். இவளுக்கு 3 நொடி கூடியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மிச்ச 2 நொடியைத்தான் தேடினேன்.

லேன் கயிற்றில் இரு முனையிலிருந்தும் 15 மீட்டரில் மிதவையின் நிறம் மாறும். நடுவில் இருக்கும் 20 மீட்டரில் டைவும் இல்லை, டர்னும் இல்லை. போகும்போது அதை 18 கை போட்டு 13.9 நொடியில் தாண்டினாள். வரும்போது 22 கை, 15.4 நொடி. அதாவது கை முன்பைவிட வேகமாகத்தான் சுற்றியிருக்கிறது. ஆனால் பிடித்த தண்ணீர் குறைவு.

யாழினி, 6:51
கை வலித்தது சார். நான் வேகமாகத்தான் இழுத்தேன் 😐

கோச், 6:56
தெரிகிறதும்மா. தப்பு மூச்சில் ஆரம்பிக்கிறது. 60 மீட்டருக்குப் பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பாமல் முன்னால் தூக்குகிறாய், இரண்டு கண்ணாடியும் வெளியே தெரிகிறது. தலையைத் தாங்க, முன்னால் நீட்டிய இடது கை தண்ணீரை நேராகக் கீழே அமுக்குகிறது. முழங்கை முதலில் இறங்கிவிடுவதால் பின்னால் தள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. இடுப்பும் இறங்குகிறது. வீடியோவில் 0:52-இல் நிறுத்திப் பார், உன் குதிகாலே தெரியாது.

பி பிளாக் தாத்தா, 7:02
தம்பி, கண்ணாடிக்குள் தண்ணீர் போனதால் தலையைத் தூக்கினாளோ? நல்ல கண்ணாடி வாங்கித் தருகிறேன்.

யாழினி, 7:03
இல்லை தாத்தா, கண்ணாடி சரியாகத்தான் இருந்தது 😂

ஆதவன் அம்மா, 7:05
சார், ஆதவன் வலது பக்கம் மட்டும்தான் மூச்சு எடுக்கிறான். அவனுக்கும் இதே பிரச்சினையா?

கோச், 7:09
அது வேறு மேடம். 100-இல் ஒரே பக்கம் எடுப்பவர்கள்தான் அதிகம், அது தப்பில்லை. அவனை வியாழக்கிழமை பார்க்கிறேன்.

யாழினி மாமா, 7:11
விரல்களை இறுக்கி மூடினால் தண்ணீர் நழுவாது. எங்கள் காலத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

கோச், 7:16
தண்ணீர் நழுவுகிறது என்பது சரி சார், ஆனால் விரல் வழியாக இல்லை. இறுக்கினால் முன்கை விறைத்துச் சீக்கிரம் சோர்ந்துவிடும். விரலிடையில் சிறு இடைவெளி இருக்கலாம். விரல் நுனி கீழே பார்க்க, முழங்கை மேலே நிற்க வேண்டும்.

யாழினி, செவ்வாயிலிருந்து இரண்டே டிரில். சைடு கிக்: கீழ்க் கை முன்னால் நீண்டிருக்கட்டும். மூச்சு எடுக்கும்போது ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்தக் கை இறங்கவே கூடாது. அடுத்தது, முஷ்டியை மூடி 25 மீட்டர், திறந்து 25 மீட்டர். மூடியிருக்கும்போது முன்கையால் தண்ணீரைப் பிடித்தால்தான் நகர்வாய்.

டர்னில் ஒன்று மட்டும். சுவரைத் தேடி நிமிர்ந்து பார்க்கிறாய். அடியில் கறுப்புக் கோடு T மாதிரி முடியும் இடம் சுவரிலிருந்து 2 மீட்டர், அதைப் பார்த்தால் போதும். சுவரை உதைத்து மேலே வந்ததும் முதல் கையிலேயே மூச்சு எடுத்து உதையின் வேகத்தையும் இழக்கிறாய். இரண்டாவது கையில் எடு.

யாழினி, 7:19
அதுவரை மூச்சு தாங்காது சார். உண்மையாகத்தான்.

கோச், 7:21
சரி, முதலில் பயிற்சியில் ஒவ்வொரு டர்னிலும் செய். போட்டியில் எப்போது என்பதை அப்புறம் பார்ப்போம்.

யாழினி அப்பா, 7:26
எல்லாம் சரி சார். ஆனால் 33.6 வேகமாகப் போய்விட்டாள் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. அதனால்தானே தலை தூக்கினாள்?

கோச், 7:33
50-இல் அவளுடைய சிறந்த நேரம் 32.1. அதோடு பார்த்தால் 33.6 அதிகமில்லை என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. சனிக்கிழமை முதல் 50-ஐ 34.5-இல் போகச் சொல்கிறேன், நீங்கள் அதே இடத்திலிருந்து வீடியோ எடுங்கள். அப்போதும் நடு 20 மீட்டருக்கு 22 கை வந்தால் பழக்கம்தான் காரணம். 19, 20 என்று வந்தால் நீங்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.

யாழினி அம்மா, 7:35
சனிக்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை சார். ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா?

கோச், 7:36
ஞாயிறு 6 மணி. தோசை சாப்பிட்டுவிட்டு வராதே யாழினி.