திறப்பு விகிதம் கைவிட்டது, பதில் எண்ணிக்கையும் குழப்புகிறது

மண்டபத்தில் கடற்பாசிச் சாற்றிலிருந்து திரவ உரம் தயாரிக்கிறோம். வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது என் வேலை. மிதவைகளில் பாசி வளர்க்கும் பெண்களுக்கு அடுத்த பருவ வேலை இந்த ஆர்டர்களை நம்பியே இருக்கிறது.

ஆறு வாரங்களில் இரண்டு வகைக் கடிதங்களை, வகைக்கு 200 பேருக்கு அனுப்பினேன். முதல் வகைக்கு 124 திறப்பு, 5 பதில், 1 சந்திப்பு. இரண்டாவதற்கு 82 திறப்பு, 12 பதில், 3 சந்திப்பு.

திறப்புக் கணக்கை நான் நம்பவில்லை. 2021 முதல் ஆப்பிள் மெயிலில் உள்ள தனியுரிமைப் பாதுகாப்பு, கடிதத்தில் ஒளிந்திருக்கும் கண்காணிப்புப் படத்தை யாரும் படிக்காமலேயே இறக்கிவிடுகிறது. என் ஐபோனுக்கே ஒரு கடிதம் அனுப்பி, தொடாமல் சார்ஜில் வைத்தேன். சற்று நேரத்தில் 'திறக்கப்பட்டது' என்று பதிவாகிவிட்டது. அதன்பின் அந்தப் படத்தையே நீக்கிவிட்டேன்.

பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தேன். இரண்டாவது வகையின் 12இல் ஐந்து, 'பட்டியலிலிருந்து நீக்குங்கள்' என்பவை. இரண்டு விடுமுறைத் தானியங்கிப் பதில்கள். விலையோ மாதிரியோ கேட்டவர்கள் ஐந்து பேர்தான். முதல் வகையில் அப்படிக் கேட்டவர்கள் நான்கு பேர். பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. சந்திப்புகளோ, 3க்கு 1 என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு.

விலை, மாதிரி கேட்கும் பதில்களை மட்டும் அளவுகோலாக வைத்தால், இரண்டில் ஒன்றை நம்பித் தேர்ந்தெடுக்க வகைக்கு எத்தனை பேருக்கு அனுப்ப வேண்டும்?